ஈர எச்சரிக்கை வீட்டில் மட்டும் வருகிறது, அலுவலகத்தில் வருவதில்லை: சார்ஜ் ஏற மறுக்கும் செல்பேசி

செம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் பெய்த பெருமழையில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் அருகே இடுப்பளவு தண்ணீரில் நடந்து வர நேர்ந்தது. கால்சட்டைப் பையில் இருந்த செல்பேசியும் நனைந்துவிட்டது. டைப்-சி துளை உள்ள, ஐபி68 தரம் பெற்ற செல்பேசி அது. வாங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிரவு கேபிளைச் செருகியவுடன் துளையில் ஈரம் இருப்பதாக எச்சரிக்கை வந்தது, சார்ஜ் ஏறவில்லை. மறுநாள் முழுவதும் மின்விசிறிக்கு அடியில் வைத்திருந்து, அதற்கடுத்த நாள் பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ள அலுவலகத்தில் செருகியபோது எந்தத் தடையும் இல்லாமல் ஏறியது.

எனக்குப் புரியாதது இதற்குப் பின் நடப்பதுதான். அலுவலகத்தில் எப்போது செருகினாலும் சார்ஜ் ஏறுகிறது. வீட்டுக்கு வந்து இரவில் செருகினால் அதே எச்சரிக்கை வருகிறது. வீட்டுச் சார்ஜர்தான் காரணம் என்று நினைத்து, அலுவலகச் சார்ஜரையே வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன், அதிலும் ஏறவில்லை. துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கண்ணில் படவில்லை. ஈரத்தை உணரும் பகுதி கெட்டுவிட்டதா, அல்லது எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஏற்றிக்கொள்ளலாமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முலுண்ட் மாமா

தம்பி, இதற்கு இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. செல்பேசியை முழுமையாக அணைத்துவிட்டு, ஓர் இரவு அரிசி டப்பாவுக்குள் புதைத்து வையுங்கள். காலையில் அணைத்த நிலையிலேயே சார்ஜரைச் செருகினால் ஏறிவிடும். அணைந்திருக்கும்போது எச்சரிக்கை காட்டுவதற்கு உள்ளே எதுவும் இயங்கவில்லை அல்லவா! என் மகனுடைய செல்பேசிக்கு இப்படித்தான் செய்தேன், இன்றுவரை நன்றாகவே ஓடுகிறது.

பட்டறைக்காரன்

லாமிங்டன் சாலையில் செல்பேசியின் மின்சுற்றுப் பலகைகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஜூன் முதல் செப்டம்பர் வரை என் மேசைக்கு வருவனவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாமா சொன்னதில் அணைத்து வைப்பது முற்றிலும் சரி. மற்ற இரண்டும் சரியல்ல. அரிசி காற்றில் உள்ள ஈரத்தை அவ்வளவு வேகமாக இழுப்பதில்லை; அதன் மாவும் குருணையும் துளைக்குள் போய் ஒட்டிக்கொள்வதைத்தான் நான் பார்க்கிறேன். அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அணைத்த நிலையில் செருகுவது அதைவிட மோசம். சில மாடல்களில் அணைந்திருக்கும்போதும் ஈரச் சோதனை நடக்கும், சிலவற்றில் நடக்காது. நடக்காத மாடலில் எச்சரிக்கை வரவில்லை என்றால் ஈரம் போய்விட்டது என்று பொருளல்ல, மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த ஆளில்லை என்றே பொருள்.

இப்போது செம்பூர்வாசியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் உணரும் பகுதி கெடவில்லை, அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது என்பது என் ஊகம். துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று அது கண்ணால் பார்ப்பதில்லை. பின்களுக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, இருக்கக்கூடாத இடத்தில் மின்சாரம் கசிகிறதா என்று அளக்கிறது. உலர்ந்த துளையில் அந்த இடைவெளியில் கசிவே இருக்காது. அழுக்கு நீர் ஒரு மெல்லிய படலமாக இருந்தாலும் கசியும்.

நீங்கள் நடந்தது மழைநீரில் அல்ல. காந்தி மார்க்கெட்டில் தேங்குவது சாக்கடையும் சாலை அழுக்கும் கலந்த நீர். அதில் உப்புகள் நிறைய இருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. அது பின்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத படலமாக உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், நம் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்து திரவமாகிவிடும். மழைக்காலத்தில் சீசாவிலுள்ள உப்பு கசிந்து நிற்பதைப் பார்க்காத வீடு மும்பையில் உண்டா? மற்ற உப்புகள் சில இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். ஜூலை மாதத்து இரவில் சன்னல் திறந்திருக்கும் வீட்டில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். உங்கள் அலுவலகத்தில் நாள் முழுவதும் ஏசி ஓடுவதால் காற்று அதைவிட மிகவும் உலர்ந்திருக்கும். எனவே அங்கே படலம் காய்ந்து மின்சாரம் கசியாத நிலைக்கு வருகிறது, வீட்டுக்கு வந்தவுடன் மறுபடி நனைகிறது. எத்தனை நாள் உலர்த்தினாலும் இது போகாது.

ஒரு கேள்வி கேட்க வேண்டும். வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் சார்ஜரில் கேபிள் செருகும் இடம் அகலமான பழைய வகையா, அல்லது செல்பேசியில் உள்ளது போன்ற சிறிய டைப்-சி வகையா? எச்சரிக்கை வந்த பிறகு கேபிளை உடனே எடுத்துவிட்டீர்களா?

நவிமும்பை அம்மா

எனக்கும் இதே சிக்கல்தான். என் செல்பேசி வாளித் தண்ணீரில் விழுந்ததிலிருந்து, பேசுபவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. ஒலியெழுப்பித் தண்ணீரை வெளியேற்றும் செயலி ஒன்றை என் பேத்தி போட்டுக் கொடுத்தாள். அதைப் போட்டால் சார்ஜ் துளையில் உள்ள ஈரமும் போய்விடும் அல்லவா?

பட்டறைக்காரன்

அம்மா, உங்களுடையது ஒலிபெருக்கியில் நின்ற தண்ணீர். அந்தச் செயலி ஒலிபெருக்கியின் திரையை அதிரவைத்து, அதன் வலையில் தங்கிய நீரைச் சற்றுத் தள்ளிவிடக்கூடும். சார்ஜ் துளைக்குள் அதிர்வதற்கு எதுவுமே இல்லாததால் அங்கே அதனால் பயனில்லை. உங்கள் செல்பேசியில் கேமரா கண்ணாடிக்கு உட்புறம் பனி படர்ந்தது போல ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் தண்ணீர் உள்ளேயே போயிருக்கிறது. அணைத்துவிட்டு அன்றே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். தெரியாவிட்டால் ஒலிபெருக்கிப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்து ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

செம்பூர்வாசி

விளக்கத்துக்கு மிக்க நன்றி, ஐயா. வீட்டில் இருப்பது அகலமான பழைய வகைச் சார்ஜர். அலுவலகத்தில் இருப்பது இரு முனையும் டைப்-சி உள்ளது. எச்சரிக்கை தானாக மறைந்து சார்ஜ் ஏறத் தொடங்கும் என்ற எண்ணத்தில், வீட்டில் இரவு முழுவதும் கேபிள் செருகியேதான் இருந்தது. சார்ஜ் ஏறாதபோது அதனால் என்ன கெடுதல் வந்துவிடும்?

பட்டறைக்காரன்

இந்த இடத்தில்தான் பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஈரம் என்று எச்சரிக்கை வந்தால், செல்பேசி தன் உள்ளே போகும் வழியை மூடிக்கொள்கிறது. ஆனால் வாசலில் நிற்பவரை அதனால் விரட்ட முடியாது.

இரு முனையும் டைப்-சி உள்ள சார்ஜர், எதிரே ஒரு கருவி இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே மின்னழுத்தத்தைக் கொடுக்கும். செல்பேசி அந்த இணைப்பை விலக்கிக்கொண்டால் சார்ஜரும் நிறுத்திக்கொள்ளும். அகல வாய்ச் சார்ஜர் அப்படியல்ல. அதை மின்செருகியில் மாட்டிய நொடியிலிருந்து கேபிளின் முனையில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், செல்பேசி வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும். உப்புநீர்ப் படலத்தின் மேல் 5 வோல்ட் இரவு முழுவதும் நின்றால் அங்கே மின்பகுப்பு நடக்கும். பின்னின் மேல் உள்ள தங்கப்பூச்சில் நுண்ணிய ஓட்டை இருந்தால் அதன் வழியே அடியிலுள்ள உலோகம் கரைந்து வெளியே வரும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். துளையின் நடுவில் நாக்கு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா, அதன் மேலே 12, கீழே 12 எனப் பின்கள் இருக்கின்றன. மின்சாரம் வரும் பின், ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் எண்ணினால் நான்காவது. முதலில் கருத்துப்போவதும் அநேகமாக அதுதான். அதற்கு அடுத்த பின்னில், சிறிது தள்ளி, பச்சை நிறத்தில் மாவு போலப் படிந்திருக்கும். இரண்டு பின்களுக்கு இடையே உள்ள தூரம் நடுவிலிருந்து நடுவுக்கு அரை மில்லிமீட்டர்தான் என்பதால், அந்தப் படிவு ஒரு பாலம் கட்டிக்கொள்ள அதிக நாள் ஆவதில்லை.

ஆகவே எச்சரிக்கை வந்தால் கேபிளை உடனே உருவிவிட வேண்டும். சார்ஜரிலிருந்தும் உருவி, அதன் முனையும் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் முனையில் இருந்த ஈரத்தையே செல்பேசியின் ஈரமாக எண்ணி இங்கே கொண்டுவந்தவர்களும் உண்டு.

தாராவி90

பட்டறைக்காரர் அண்ணனிடம் ஒரு விவரம் கேட்க வேண்டும். என்னுடையது மலிவான செல்பேசி. இந்த எச்சரிக்கை எல்லாம் அதில் கிடையவே கிடையாது. ஜுஹு கடற்கரையில் அலை அடித்து நனைந்தது. துடைத்துவிட்டு அன்று இரவே சார்ஜ் போட்டேன், ஏறியது. சில வாரங்கள் கழித்து ஏறுவது நின்றது. பக்கத்துக் கடையில் சார்ஜிங் பின் மாற்றினார்கள். இப்போது ஏறுகிறது, ஆனால் முன்பு போல வேகமாக ஏறுவதில்லை. கடைக்காரர் பேட்டரியையும் மாற்றச் சொல்கிறார்.

பட்டறைக்காரன்

பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் வேறொன்றைப் பார்த்துவிடுங்கள். வேகமாக ஏற்ற வேண்டுமென்றால் செல்பேசியும் சார்ஜரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கான பின்கள் தனி. புதிய துளையைப் பற்றவைத்தபோது அவற்றில் ஏதாவது சரியாகப் பிடிக்காமல் போயிருக்கலாம். அல்லது கடல்நீர் துளையைத் தாண்டிச் சிறு பலகை வரை போயிருக்கலாம். ஒரு கணினியில் கேபிளைச் செருகுங்கள். படங்களை எடுக்க முடியாமல் சார்ஜ் மட்டும் ஏறினால், கேபிள் நல்லதாக இருக்கும் பட்சத்தில் சந்தேகம் அந்தப் பின்கள் பக்கம் திரும்பும். படங்களும் வந்தால் எனக்கு இங்கிருந்து சொல்லத் தெரியாது, திறந்துதான் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை இல்லாத செல்பேசியை வைத்திருப்பவர்கள், நனைந்த அன்று எச்சரிக்கை வந்திருப்பதாகவே பாவித்துக்கொள்வது நல்லது.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நான் மாட்டுங்காவில் வசிக்கிறேன். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனையில் பணியாற்றியவன். உப்புப் படலம் என்ற பட்டறைக்காரரின் விளக்கம் நம்பத்தக்கதுதான். ஆனால் அதை ஊகமாகவே விட்டுவிடாமல் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது.

இறுக்கமாக மூடக்கூடிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் 100 கிராம் அளவுக்குச் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, செல்பேசியை அணைத்து, துளை திறந்திருக்கும்படி இரவு முழுவதும் உள்ளே வையுங்கள். நிறம் மாறும் மணிகளாக வாங்குவது நல்லது: நீல மணிகள் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு மணிகள் கரும்பச்சையாகும். காலையில் அதே வீட்டில், டப்பாவைத் திறந்த உடனே சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு சன்னலோரத்தில் சில மணி நேரம் திறந்த வெளியில் வைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். முதலில் ஏறி, பிறகு எச்சரிக்கை வந்தால் படிந்த உப்புதான் காரணம். டப்பாவிலிருந்து எடுத்த உடனேயும் எச்சரிக்கை வந்தால், பின்களுக்கு இடையே உலோகப் பாலமோ நூல்தூசு அடைப்போ ஏற்பட்டிருக்கலாம், அல்லது உணரும் சுற்றே பழுதாகியிருக்கலாம்.

மென்பொருள் மாணிக்கம்

எல்லோரும் உப்பையே பேசுகிறீர்கள். சில சாம்சங் மாடல்களில் ஈரம் போன பிறகும் எச்சரிக்கை சிக்கிக்கொண்டு நிற்பதுண்டு. அமைப்புகளில் செயலிகள் பட்டியலுக்குப் போய், சிஸ்டம் செயலிகளையும் காட்டச் சொல்லி, `USBSettings` என்பதன் சேமிப்பகப் பகுதியில் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு, செல்பேசியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆப்பிள் செல்பேசியில் `Emergency Override` என்ற பொத்தானே இருக்கிறது, அதை அழுத்திவிட்டால் போதும்.

பட்டறைக்காரன்

முதலில் சொன்னது உண்மையில் உதவக்கூடிய வழிதான்; ஆனால் துளை உலர்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகு செய்ய வேண்டியது. இவருடைய எச்சரிக்கை இடத்துக்கு இடம் வந்தும் போயும் கொண்டிருப்பதால், மென்பொருளில் சிக்கிய எச்சரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை. சிக்கிய எச்சரிக்கைக்கு அலுவலகம் எது வீடு எது என்று தெரியாது.

இரண்டாவதாகச் சொன்ன பொத்தான், பேட்டரி அணையப் போகிறது, ஆம்புலன்சை அழைக்க வேண்டும் என்ற நிலைக்கு வைத்திருப்பது. கம்பியில்லாமல் ஏற்றும் வசதி உள்ள செல்பேசி என்றால் கம்பியில்லாச் சார்ஜரின்மீது வைப்பதே மேல், பின்பக்கம் துடைத்து உலர்ந்திருந்தால் போதும். துளையின் வழியே மின்சாரம் போகாததால் அங்கே அரிப்பும் அதிகமாகாது.

செம்பூர்வாசி

பொறியாளர் ஐயா கூறியபடியே செய்து பார்த்தேன். டப்பாவிலிருந்து எடுத்தவுடன் வீட்டிலேயே சார்ஜ் ஏறியது. அன்று பகலில் விடாமல் மழை. செல்பேசியைச் சமையலறைச் சன்னலருகில் வைத்திருந்துவிட்டு மாலையில் செருகினேன், எச்சரிக்கை வந்துவிட்டது. கேபிளை உடனே எடுத்துவிட்டேன். என் செல்பேசியில் கம்பியில்லாச் சார்ஜ் வசதி இல்லை. இனி அடுத்து என்ன செய்வது? அந்த உப்பை நானே வீட்டில் கழுவ முடியுமா?

பட்டறைக்காரன்

முதலில், துளையைத் தொடுவதற்கு முன், அலுவலகத்தில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, படங்களையும் தொடர்பு எண்களையும் வைஃபை வழியாகப் படியெடுத்து வையுங்கள். வங்கிக் கடவுச்சொல் வரும் சிம் அட்டையை வேறொரு செல்பேசியில் போட்டுப் பார்த்து, அது வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்து, துளையும் செத்துப்போன செல்பேசியிலிருந்து எதையும் எடுப்பது கடினம். என் மேசைக்கு அழுதுகொண்டே வருகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வருகிறார்கள்.

கழுவுவது பற்றி: கடையில் நான் செய்வது இதுதான். பின்பக்கத்தைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, துளையைக் காய்ச்சி வடித்த வடிநீரில் நனைத்த மென்மையான தூரிகையால் துடைப்பேன். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு அந்த நீரை வெளியேற்றுவேன். இந்த வரிசை முக்கியம். பல கடைகளில் ஆல்கஹாலை மட்டும் தெளித்து, பல்துலக்கியால் தேய்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதில் போகும், நீரும் போகும். உப்பு அதில் கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் கரையும். கடையில் நன்றாக ஏறும், அடுத்த மழைக்கு எச்சரிக்கை திரும்பி வரும்.

வீட்டில் செய்ய வேண்டுமென்றால், ஐபி68 தரமுள்ள, கீறலோ விரிசலோ இல்லாத, இதுவரை திறக்கப்படாத செல்பேசியில் மட்டும், அணைத்த நிலையில், துளையின் வாயில் சில சொட்டு வடிநீர் விட்டு, கவிழ்த்து வடியவிட்டு, சில முறை அதையே திரும்பச் செய்யலாம் என்பேன். பிறகு ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

இதை நான் ஏற்கவில்லை. ஐபி68 என்பது புதிய செல்பேசியை ஆய்வகத்தில், நன்னீரில் வைத்துச் சோதித்துக் கொடுக்கும் தரம். இரண்டு ஆண்டுகள் பையிலும் கையிலும் புழங்கி, வெயிலில் சூடேறி, ஓரிரு முறை கீழே விழுந்த செல்பேசியின் ரப்பரும் பசையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத் திறக்காமல் யாராலும் சொல்ல முடியாது. இடுப்பளவு சாக்கடை நீரில் ஏற்கெனவே மூழ்கிய கருவிக்குள் வேண்டுமென்றே மேலும் நீர் விடச் சொல்வது, அதுவும் முகம் தெரியாத ஒருவருக்கு, எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டறைக்காரன்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீரைத் தவிர வேறு திரவம் பட்டால் குழாய்நீரில் கழுவுங்கள் என்று நீர்த்தடுப்பு உள்ள தன் செல்பேசிகளுக்கு ஆப்பிளே சொல்கிறது. உப்பை அப்படியே விட்டுவைத்தால் அரிப்பு உறுதி. கழுவினால் கசிவு ஒரு சாத்தியம் மட்டுமே. எனக்கு முதலாவதன் முடிவு எப்படி இருக்கும் என்று தெரியும். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். செம்பூரிலிருந்து லாமிங்டன் சாலை தொலைவில் இல்லை என்பதால், கடையில் செய்துகொள்வதே இவருக்கு நல்லது என்பதில் மட்டும் எனக்கும் மறுப்பில்லை.

முலுண்ட் மாமா

இவ்வளவு சிரமம் எதற்கு? முடி உலர்த்தும் கருவியால் ஐந்து நிமிடம் சூடான காற்று அடித்தால் எந்த ஈரமும் நிற்காதே!

பட்டறைக்காரன்

மாமா, அந்தச் சூடு திரையையும் பின்பக்கத்தையும் ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும். நாங்கள் செல்பேசியைத் திறப்பதற்கே சூடுதான் காட்டுகிறோம். அழுத்தமான காற்று, துளையில் இருப்பதை உள்ளே தள்ளவும் செய்யும். வாயால் ஊதுவதும் அதே வகைதான். துளையின் நாக்குக்கும் உறைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது; அவ்வளவு குறுகிய இடத்தில் நீர் ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழே தானாக விழாது. துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, சாதாரண மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வைத்து, அரை மணி நேரம் கழித்து ஒரு முறை செருகிப் பார்க்கலாம். எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் வரை பொறுக்க வேண்டும். நல்ல தண்ணீரில் நனைந்த செல்பேசிக்கு இதுவே போதும். பஞ்சுக் குச்சியும் காகிதமும் உள்ளே நுழைக்காதீர்கள். அவை விட்டுச்செல்லும் நூல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நவிமும்பை அம்மா

கேமராவில் பனி எதுவும் இல்லை. நேற்றிலிருந்து குரலும் தெளிவாகக் கேட்கிறது. செயலியாலா, தானாகவா என்று தெரியவில்லை.

கணக்கர் காட்கோபர்

இடையில் ஒரு செய்தி. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தாலும் நீர் புகுந்த சேதத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுப்பதில்லை. பல மாடல்களில் சிம் தட்டை உருவிவிட்டு உள்ளே பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு சிறு ஒட்டி சிவப்பாக மாறியிருப்பது தெரியும். சேவை மையத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். தனியாக விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால், வெளிக்கடையில் திறப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். திறந்த பிறகு கேட்டால் மறுத்துவிடக்கூடும்.

செம்பூர்வாசி

காப்பீடு ஏதும் எடுக்கவில்லை, உத்தரவாதமும் முடிந்துவிட்டது. இன்று வீட்டருகில் ஒரு கடையில் காட்டினேன். திறந்து பார்க்காமலேயே சார்ஜிங் பலகையை மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்களிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

பட்டறைக்காரன்

திறப்பதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்று சொல்லும் கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: நுண்ணோக்கியில் துளையை எனக்குக் காட்ட முடியுமா? முடியாது என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

காட்டினால், நான்காவது பின்னைப் பாருங்கள். தங்க நிறம் அப்படியே இருந்து, மேலே வெள்ளையாகவோ மங்கலாகவோ படிவு மட்டும் இருந்தால் கழுவினால் போதும். பின் கருத்து, மெலிந்து, குழி விழுந்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். உங்கள் மாடலில் துளை தனிச் சிறு பலகையில் இருக்கிறதா, தாய்ப்பலகையிலேயே இருக்கிறதா என்றும் கேளுங்கள். தனிப் பலகை என்றால் மாற்றுவது எளிய வேலை. தாய்ப்பலகை என்றால் சூடுகாட்டிப் பிரித்துப் பற்றவைக்க வேண்டும். கை பழகியவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டிய வேலை அது. எதுவானாலும், மூடும்போது பழைய பசையை முழுக்க நீக்கிவிட்டுப் புதிய பசைநாடா ஒட்டச் சொல்லுங்கள். அப்படி ஒட்டினாலும் இனி அதை நீர்த்தடுப்பு உள்ள செல்பேசியாக எண்ணாதீர்கள்.

செம்பூர்வாசி

லாமிங்டன் சாலையில் வேறொரு கடைக்குப் போய்வந்தேன். நுண்ணோக்கியைத் திரையில் இணைத்துக் காட்டினார்கள். ஒரு பக்கத்து வரிசை நன்றாக இருந்தது. மறுபக்கத்து வரிசையில் நான்காவதும் ஐந்தாவதும் கருத்திருந்தன, இரண்டுக்கும் நடுவில் பச்சைப் படிவு. நான் கேட்டபடி வடிநீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவிக் கொடுத்தார்கள். நேற்றிரவு நல்ல மழை. வீட்டில் எச்சரிக்கை வரவே இல்லை. ஆனால் புதிதாக ஒன்று தெரிகிறது. இருமுனை டைப்-சி கேபிளை ஒரு பக்கமாகச் செருகினால் வேகமாக ஏறுகிறது, திருப்பிச் செருகினால் ஏறுவதே இல்லை.

பட்டறைக்காரன்

அந்த ஐந்தாவது பின்தான் சார்ஜரோடு பேசுவது. மேலும் கீழுமாக அப்படி இரண்டு பின்கள் இருக்கின்றன. கேபிளை எந்தப் பக்கமாகச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அவற்றில் ஒன்று மட்டும் வேலை செய்யும். உங்களுடையதில் ஒன்று போய்விட்டது, மற்றொன்று நன்றாக இருக்கிறது. இனி மாற்றினாலும் தவறில்லை, ஏறும் பக்கமாகவே செருகிக்கொண்டு மழைக்காலம் முடியும்வரை ஓட்டினாலும் தவறில்லை. செருகியிருக்கும்போது துளையருகே சூடு தெரிந்தாலோ, எரிந்த வாடை வந்தாலோ, கேபிளை அசைத்தால் விட்டுவிட்டு ஏறினாலோ அன்றே மாற்றிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

கருத்த நான்காவது பின் இன்னும் உள்ளேயே இருக்கிறது. வேகமாக ஏற்றும்போது அந்த வழியே 9 வோல்ட் வரையிலும் போகலாம். என் பணமாக இருந்தால் இப்போதே மாற்றியிருப்பேன்.

செம்பூர்வாசி

தனிப் பலகைதான் என்று கடைக்காரர் சொன்னார். என் மாடலுக்கான அசல் பலகை இப்போது அவரிடம் கையிருப்பில் இல்லை, தருவிக்க வேண்டும். அதுவரை வேகமாக ஏற்றும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிட்டு, அலுவலகத்தில் மட்டும் ஏற்றிக்கொள்கிறேன். பலகை வந்தவுடன் பழையதைக் கேட்டு வாங்கிவந்து அதன் படத்தை இங்கே இடுகிறேன்.